இலவச வழி சாம்பல் நிறத்தில் இருக்கிறது

ஐரோப்பாவின் மலிவு விமானங்களில் டிக்கெட் விலை என்பது ஒரு தொடக்கம்தான். பயணத்துக்கு உண்மையில் எவ்வளவு ஆனது என்பது செக்-இன் திரையைத் தாண்டிய பிறகே தெரியும். அந்தத் திரை நமக்குத் தெரியாத மொழியில் இருந்தால், தொகை பெரும்பாலும் ஏறும், குறைவது அபூர்வம்.

ஒரு தம்பதியை வைத்துப் பார்ப்போம். திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்கிறவர், கூடவே மனைவி. பார்சிலோனாவில் துணி வாங்கும் நிறுவனத்தோடு பேச்சு முடிந்தது. இரண்டு நாள் ரோமைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பலாம் என்று திட்டம். பார்சிலோனா – ரோம் டிக்கெட்டை அங்கேயிருக்கிற அலுவலகப் பெண் போட்டுக் கொடுத்துவிட்டார். அவர் ஸ்பானிய மொழியில் பதிவு செய்ததால் உறுதிச் செய்தி ஸ்பானிய மொழியில் வந்தது. அதிலுள்ள சுட்டியைத் தொட்டால் திறக்கிற பக்கமும் அப்படியே.

முதலில் செய்ய வேண்டியது திரையின் மேல் ஓரத்தில் கொடி அல்லது உலக உருண்டைப் படம் இருக்கிறதா என்று பார்ப்பது. அதைத் தொட்டு ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மாற்றியதோடு வேலை முடியாது. பதிவு எந்த மொழியில் நடந்ததோ அதே மொழியில்தான் பல நிறுவனங்களின் மின்னஞ்சலும், குறுஞ்செய்தியும், சில சமயம் போர்டிங் பாஸும் வரும். எனவே ஸ்பானிய மொழி ஓரளவாவது கண்ணுக்குப் பழக வேண்டும். நல்ல வேளையாக, முழு மொழியும் தேவையில்லை. பணம் உட்கார்ந்திருக்கிற இடங்கள் சிலதான்.

உள்ளே நுழைவது

செக்-இன் பொத்தானின் மேல் Facturación online என்று இருக்கும். உலாவியின் தானியங்கி மொழிபெயர்ப்பு இதைப் 'பில் போடுதல்' என்று காட்டக்கூடும். மிரள வேண்டாம், செக்-இன் அதுதான். அடுத்து இரண்டு கட்டங்கள். Localizador அல்லது Código de reserva என்ற கட்டத்தில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இடப் பதிவுக் குறியீட்டை அடிக்க வேண்டும். Apellidos என்ற கட்டத்தில் குடும்பப் பெயர்.

நம்மவர்களுக்கு முதல் முடிச்சு இங்கேதான். ஸ்பெயின்காரர்களுக்குக் குடும்பப் பெயர் இரண்டு. தந்தை வழியில் ஒன்று, தாய் வழியில் ஒன்று. அதனால் சில படிவங்களில் Primer apellido, Segundo apellido என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். நமக்கோ பல பேருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடமே காலி. பதிவு செய்தவர் அந்தக் கட்டத்தை எப்படியோ நிரப்பியிருப்பார்: சொந்தப் பெயரையே இரண்டு முறை போட்டிருக்கலாம், அப்பா பெயரைப் பிரித்துப் போட்டிருக்கலாம். செக்-இன் பக்கம் கேட்பது அவர் அடித்த அதே எழுத்துகளைத்தான். உள்ளே போக முடியவில்லை என்றால் பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பார்த்து அடிப்பதில் பயனில்லை. உறுதி மின்னஞ்சலில் Pasajero என்ற சொல்லின் பக்கத்தில் பெயர் எப்படி இருக்கிறதென்று பார்த்து அதை அப்படியே அடிக்க வேண்டும். இரண்டாம் குடும்பப் பெயர் கட்டாயமில்லை என்றால் பக்கத்தில் opcional என்று சிறிதாக எழுதியிருக்கும்.

இருக்கை

உள்ளே போனதும் விமானத்தின் வரைபடம் வரும். Elige tu asiento. நிறம் நிறமாகக் கட்டங்கள், மேலே விலைகள், கீழே ஒரு பெரிய வண்ணப் பொத்தான். இதைப் பார்க்கிற யாருக்கும் 'ஏதாவது ஓர் இருக்கையைத் தேர்ந்தெடுத்தால்தான் மேலே போக முடியும்' என்றுதான் தோன்றும். அப்படித் தோன்ற வேண்டும் என்றுதான் திரையை வரைந்திருக்கிறார்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2008-ஆம் ஆண்டின் 1008 எண் விதிமுறை ஒன்று உண்டு. அதன் 23-ஆம் பிரிவின்படி, டிக்கெட்டுக்கு மேற்பட்ட எந்த விருப்பச் செலவையும் பயணி தானாக முன்வந்து ஏற்க வேண்டும். நிறுவனமே முன்கூட்டி டிக் போட்டு வைத்துவிட்டு, 'வேண்டாமென்றால் எடுத்துவிடு' என்று சொல்லக் கூடாது. அந்த வழி அடைபட்ட பிறகு வடிவமைப்பாளர்களின் கையில் மிஞ்சியவை நிறமும் இடமும்தான். விற்கிற பொத்தான் பெரிதாக, மஞ்சளிலோ நீலத்திலோ, கட்டைவிரல் தானாகப் போகிற இடத்தில் இருக்கும். வேண்டாம் என்கிற வழி சாம்பல் நிற எழுத்தில், அடிக்கோடிட்ட ஒற்றை வரியாக, பக்கத்தின் அடியில் இருக்கும். சம்மதிக்கப் படிக்கத் தேவையில்லை. மறுக்கத்தான் படிக்க வேண்டும்.

மறுப்பு வரியில் தேட வேண்டிய சொல் sin, அதாவது 'இல்லாமல்'. Continuar sin elegir asiento என்றோ அதற்கு நெருக்கமான வேறு சொற்களிலோ இருக்கும். சில திரைகளில் Asignación aleatoria, அதாவது கணினி தன் விருப்பப்படி ஓர் இருக்கை ஒதுக்கும். பக்கத்தில் gratis என்று இருந்தால் கேள்வியே இல்லை.

அதைத் தொட்டதும் பெரும்பாலும் குட்டிப் பெட்டி ஒன்று குதிக்கும். ¿Seguro que quieres continuar sin asiento? 'இருக்கை இல்லாமல் தொடர நிச்சயமா?' என்கிறது. அதன் கீழே ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான். நம் திருப்பூர் அம்மையார் அதற்குள் ஒரு பாடம் படித்திருப்பார்: No என்றால் காசு இல்லை. அதே நம்பிக்கையில் இங்கேயும் No-வைத் தொடுவார். திரை மறுபடி இருக்கைப் படத்துக்கே போய் நிற்கும். "ஏனுங்க, நோன்னுதானுங்க அமுக்குனேன், மறுக்காவும் சீட்டையே காட்டுதுங்க?" இங்கே கேள்வி திரும்பிவிட்டது. முதல் திரையில் 'வேண்டுமா' என்று கேட்டார்கள். இரண்டாவதில் 'வேண்டாம் என்பது நிச்சயமா' என்று கேட்கிறார்கள். இப்போது Sí தான் செலவில்லாத பதில். இதே புரட்டல் காப்பீட்டுத் திரையிலும், பெட்டித் திரையிலும் வரும். ஒவ்வொரு பெட்டியிலும் sin எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்துவிட்டுத் தொடுவது நல்லது.

இன்னொரு சிக்கல் நேரம் சார்ந்தது. ரயன்ஏர் போன்ற நிறுவனங்களில், இருக்கைக்குப் பணம் கட்டியவர் 60 நாள் முன்பே செக்-இன் செய்யலாம். கட்டாதவருக்கு விமானம் கிளம்ப 24 மணி நேரம் இருக்கும்போதுதான் கதவு திறக்கும், 2 மணி நேரம் இருக்கும்போது மூடிவிடும். மூன்று நாள் முன்னதாகவே வேலையை முடித்துவிடலாம் என்று உட்காருகிறவருக்குத் திரை இருக்கைப் படத்தை விட்டு நகராது. 'காசு கட்டினால்தான் செக்-இன்' என்று முடிவு கட்டிப் பணத்தைக் கொடுத்துவிடுவார்கள். உண்மையில் திரை சொல்வது 'இப்போது வேண்டுமானால் காசு, நாளை மறுநாள் வந்தால் இலவசம்' என்பதுதான். disponible என்ற சொல்லோடு ஒரு தேதியும் மணியும் இருந்தால் அந்த நேரத்துக்கு அலாரம் வைத்துக்கொண்டு மூடிவிடலாம். ஆனால் மறந்துவிடக் கூடாது. அந்த 22 மணி நேரத்தைத் தவறவிட்டு விமான நிலையத்தில் போய்ச் செக்-இன் செய்தால் ரயன்ஏர் கட்டணப் பட்டியல்படி ஆளுக்கு 55 யூரோ, ஸ்பெயினிலிருந்து கிளம்பும் விமானமானால் 30 யூரோ. இருக்கையில் மிச்சம் பிடித்தது அதில் கரைந்துவிடும்.

இலவச வழியே இல்லாத சூழலும் உண்டு. பதிவில் 12 வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால், ரயன்ஏரில் கூடப் போகும் பெரியவர் ஒருவர் இருக்கையைக் காசு கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். குழந்தையின் இருக்கை 0,00 € என்று வரும். sin என்று எங்கே தேடினாலும் கிடைக்காது. அப்போது விலை குறைந்த நிறக் கட்டத்தைப் பார்த்து எடுப்பதுதான் வழி. Salida de emergencia என்று குறித்த அவசர வழி வரிசையைத் தொட வேண்டாம். கால் நீட்ட இடம் தாராளம்தான். ஆனால் அங்கே குழந்தைகளும் கர்ப்பிணிகளும் உட்காரக் கூடாது. அவசரத்தில் கதவைத் திறக்கச் சம்மதம் என்று ஒரு பெட்டியில் டிக் கேட்பார்கள். படிக்க முடியாத உறுதிமொழியில் கையெழுத்து எதற்கு?

விலைகளைப் படிக்கும்போது இரண்டு சின்னச் சொற்களைக் கவனிக்க வேண்டும். desde 8 € என்றால் 8 யூரோவிலிருந்து தொடங்குகிறது. நீங்கள் தொடும் இருக்கை அதைவிடக் கூடுதலாகவும் இருக்கலாம். por persona y trayecto என்றால் ஆளுக்கு, ஒரு வழிக்கு. இருவர் போய்த் திரும்பினால் நான்கால் பெருக்க வேண்டும். காற்புள்ளியும் அங்கே தசமப் புள்ளியின் வேலையைச் செய்கிறது: 24,99 € என்பது இருபத்து நான்கு யூரோ தொண்ணூற்று ஒன்பது காசு.

பெட்டி: தராசு இல்லை, அளவுகோல்

நம் ஊர் விமானங்களில் நமக்கு இருக்கிற பயம் முழுக்க எடையைப் பற்றியது. உள்நாட்டில் 15 கிலோ, கையில் 7 கிலோ, அரை கிலோ கூடினால் கவுன்ட்டரிலேயே பெட்டியைத் திறந்து ஊறுகாய் பாட்டிலை எடுத்து மாற்றுவது. ஐரோப்பிய மலிவு விமானத்தில் அந்தப் பழக்கம் நம்மைக் கவிழ்த்துவிடும். அங்கே இலவசப் பைக்கு முதல் கேள்வி அது எவ்வளவு பெரிது என்பது.

திரையில் பைகளுக்குப் பல பெயர்கள். bolso, equipaje de mano, equipaje de cabina, maleta, equipaje facturado. இவற்றில் equipaje de mano என்ற ஒரே பெயரை ஒரு நிறுவனம் சின்னப் பைக்கும் இன்னொன்று உருட்டுப் பெட்டிக்கும் வைத்திருக்கும். பெயரை விட்டுவிட்டு சென்டிமீட்டரைப் பார்த்தால் குழப்பம் தீரும். 40 x 30 x 20 போல 40-ஐ ஒட்டித் தொடங்கினால் அது முன் இருக்கைக்கு அடியில் போகிற பை. அடிப்படைக் கட்டணத்திலேயே இலவசம். 55 x 40 x 20 என்று வந்தால் அது தலைக்கு மேலே வைக்கிற பெட்டி, 10 கிலோ வரை. அடிப்படைக் கட்டணத்தில் அதற்குப் பெரும்பாலும் காசு. சென்டிமீட்டரே இல்லாமல் 20 kg, 23 kg என்று மட்டும் இருந்தால் விமானத்தின் வயிற்றில் போகிற பெட்டி. அளவில் சக்கரமும் கைப்பிடியும் சேரும். கடையில் 'கேபின் சைஸ்' என்று சொல்லி விற்றார்கள் என்பது வாசலில் இருக்கிற இரும்புக் கூண்டுக்குத் தெரியாது.

இந்த இரு கைப்பைப் பிரிவினை எப்படி வந்தது என்பது ஒரு வழக்குக் கதை. ஸ்பெயினின் லா கொருன்யாவிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு வூயெலிங் நிறுவனத்தில் டிக்கெட் எடுத்த ஒரு பெண், இரண்டு பெட்டிகளை ஏற்ற 40 யூரோ கூடுதலாகக் கட்ட நேர்ந்தது. புகார் கொடுத்தார். நிறுவனத்துக்கு 3,000 யூரோ அபராதம் விதித்தார்கள். வழக்கு ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் வரை போய், 2014 செப்டம்பரில் அந்தப் பெண்ணுக்கு எதிராகத்தான் முடிந்தது: ஏற்றும் பெட்டிக்குத் தனிக் கட்டணம் வாங்கலாம். ஆனால் தீர்ப்பிலேயே இன்னொன்றும் இருந்தது. கைப்பை பயணத்துக்கு இன்றியமையாதது. நியாயமான அளவிலும் எடையிலும் இருந்தால் அதற்குத் தனியாக வசூலிக்கக் கூடாது. 'நியாயமான அளவு' எத்தனை சென்டிமீட்டர் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. இருக்கைக்கு அடியில் போகிற பையோடு நியாயம் முடிந்தது என்று நிறுவனங்கள் எடுத்துக்கொண்டன. ஸ்பெயின் அரசு அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. 2024 நவம்பரில் அந்நாட்டு நுகர்வோர் அமைச்சகம் ரயன்ஏர், வூயெலிங், ஈசிஜெட், நார்வீஜியன், வோலோடியா ஆகிய ஐந்து நிறுவனங்களுக்கும் சேர்த்து 179 மில்லியன் யூரோ அபராதத்தை உறுதி செய்தது. கைப்பைக் கட்டணம், குழந்தையோடு சேர்ந்து உட்காரக் கட்டணம் முதலியவை காரணங்கள். நிறுவனங்கள் ஏற்கவில்லை, சண்டை நீதிமன்றங்களுக்குப் போனது. நம் தம்பதி செக்-இன் செய்யும் இரவில் அந்தச் சண்டையால் ஒரு பயனும் இல்லை. திரை கேட்கிற காசைத்தான் வாசலிலும் கேட்பார்கள்.

அவர்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். விலைகள் என் கற்பனை, விகிதம் வழக்கமானது. சென்னையிலிருந்து வந்த விமானத்தில் ஆளுக்கு 30 கிலோ இருந்தது. அந்த உரிமை அந்த டிக்கெட்டோடு சரி. தனியாக வாங்கிய ரோம் டிக்கெட்டுக்குத் தொற்றி வராது. பெரிய பெட்டிகளை பார்சிலோனா விடுதியிலேயே பாதுகாப்பில் வைத்துவிட்டு, இரண்டு நாளுக்கான துணியோடு கிளம்புகிறார்கள், திரும்பவும் பார்சிலோனாவுக்கே வரப் போவதால் இது முடிகிறது. திரை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மேல் பெட்டியை நீட்டுகிறது: 25 யூரோ. எல்லாவற்றுக்கும் தலையாட்டினால் போகிற வழிக்கு மட்டும் இரு பெட்டிக்கு 50, இருக்கைக்கு 12 வீதம் 24, காப்பீட்டுக்கு 14 வீதம் 28, ஆக 102 யூரோ. திரும்புகிற வழிக்கும் பெட்டியும் இருக்கையும் உண்டு. இருவருக்கும் பொதுவாக ஒரே ஒரு 20 கிலோ பெட்டியை ஏற்றினால் 30 யூரோ. இரண்டு முதுகுப்பைகள் இருக்கைக்கு அடியில் போய்விடும் என்றால் பூஜ்யம். பெட்டித் திரை ஆள் ஆளாகக் கேட்பதால் 'நம் இருவருக்கும் சேர்த்து எவ்வளவு வேண்டும்' என்ற கேள்வி மனதில் எழுவதே இல்லை. பெயருக்குப் பக்கத்திலுள்ள கூட்டல் குறி Añadir. ஒருவர் பெயரில் மட்டும் அதைத் தொட்டால் போதும். வேண்டுமென்றால் இப்போதே சேர்த்துவிட வேண்டும். வாசலில் அதே பெட்டிக்கு இதைவிடப் பல மடங்கு கேட்பார்கள்.

காப்பீட்டுத் திரையின் பெயர் Seguro de viaje. ஷெங்கன் விசாவுக்காக ஏற்கெனவே காப்பீடு எடுத்திருப்பார்கள், இரண்டாவது தேவையில்லை. இந்தத் திரைக்கு ஒரு பழைய கெட்ட பேர் உண்டு: ரயன்ஏர் ஒருகாலத்தில் 'காப்பீடு வேண்டாம்' என்பதை, வசிக்கும் நாட்டைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலுக்குள், நாடுகளின் பெயர்களுக்கு நடுவே ஒளித்து வைத்திருந்தது. இத்தாலியின் போட்டி ஆணையம் 2014-இல் இதுபோன்ற காப்பீட்டு விற்பனைக்காக அந்நிறுவனத்துக்கும் ஈசிஜெட்டுக்கும் அபராதம் போட்டது. இப்போது அவ்வளவு மோசமில்லை. No, gracias என்று வெளியே தெரிகிற மாதிரியே எழுதுகிறார்கள்.

கடைசியில் கட்டணப் பக்கம் வந்தால், தொகையை ரூபாயில் கட்டுகிறீர்களா என்று கேட்கக்கூடும். யூரோவிலேயே விடுங்கள். அவர்கள் போடும் மாற்று விகிதம் வங்கியின் விகிதத்தைவிடப் பொதுவாக மோசம். எதுவுமே வாங்கவில்லை என்றால் Total 0,00 € என்று வர வேண்டும், அல்லது பணம் கேட்கிற பக்கமே வரக் கூடாது. அட்டை எண் கேட்டால் எங்கோ ஒன்று ஒட்டிக்கொண்டது என்று பொருள். மேலே உள்ள கூடைப் படத்தைத் தொட்டால் என்னவென்று தெரியும்.

போர்டிங் பாஸில் சிறிய எழுத்து

Tarjeta de embarque கைக்கு வந்துவிட்டது. 2025 நவம்பர் 12 முதல் ரயன்ஏரில் தாள் கிடையாது, கைப்பேசிச் செயலியில் மட்டும்தான். மற்ற பல நிறுவனங்களில் தாளிலும் எடுக்கலாம்.

முதலில் கண்ணில் படுவது பெயர், அதுவும் பாதியில் வெட்டப்பட்டு. பாஸில் உள்ள கட்டம் கட்டமான குறியீட்டின் உலகத் தரத்தில் பெயருக்கு 20 இடங்கள்தான். குடும்பப் பெயரும், சாய்கோடும், சொந்தப் பெயரும் அதற்குள் அடங்க வேண்டும். BALASUBRAMANIAM/SENTHILKUMAR என்ற பெயர் அங்கே BALASUBRAMANIAM/SENT என்று நின்றுவிடும். பெயரின் கடைசியில் MR ஒட்டிக்கொண்டு புதுப் பெயர் போலத் தெரிவதும் உண்டு. இரண்டுமே பிழையல்ல, திருத்தச் சொல்லிப் பணம் கட்ட வேண்டாம். எழுத்து மாறியிருந்தால், அதாவது TH போய் T ஆகியிருந்தால், அதுதான் பிழை. இதே குறியீட்டுக்குள் பதிவு எண்ணும் இருக்கிறது. பாஸைப் படம் எடுத்துக் குடும்பக் குழுவிலும் முகநூலிலும் போடுகிறவர்கள், பெயரையும் பதிவு எண்ணையும் சேர்த்தே போடுகிறார்கள். அவ்விரண்டும் இருந்தால் யார் வேண்டுமானாலும் உள்ளே போய் இருக்கையை மாற்றலாம்.

பாஸில் இரண்டு அல்லது மூன்று நேரங்கள் இருக்கும். Salida என்பது விமானம் நகர்கிற நேரம். Embarque என்பது ஏற்றத் தொடங்கும் நேரம். cierre என்ற சொல் இருக்கிற நேரம்தான் உயிர்நாடி. அப்போது வாசல் மூடிவிடும், பெரும்பாலும் புறப்பாட்டுக்கு 20 நிமிடம் முன்னால். 17:45 என்று பெரிய எழுத்தில் இருப்பது Salida ஆக இருந்தால், 17:40-க்கு வாசலில் நிற்பவர் விமானத்தைக் கண்ணாடி வழியாகத்தான் பார்ப்பார். Puerta என்ற இடம் காலியாக இருப்பது இயல்பு. வாசல் எண்ணை விமான நிலையப் பலகையில்தான் போடுவார்கள். ஆனால் Terminal காலியாக இருந்தால் விசாரித்துவிட வேண்டும். பார்சிலோனாவில் வூயெலிங் T1-இல், ரயன்ஏர் T2-இல். நடந்து போகிற தூரமில்லை, பேருந்து பிடிக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் நம் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தேட வேண்டியது documentos அல்லது visado என்ற சொல் வருகிற வரி. ஐரோப்பியர் அல்லாத பயணிகளின் விசாவை ஊழியர் ஒருவர் நேரில் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும் என்று சில நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. ஷெங்கனுக்குள்ளேயே பறந்தாலும் கேட்பார்கள். பாஸில் அந்த வரி இருந்தும் ஒப்புதல் வாங்காமல் வாசலுக்குப் போனால், கையில் பாஸ், இருக்கை எண், செல்லுபடியாகும் விசா எல்லாம் இருந்தும் ஏற்ற மறுக்க முடியும். பெட்டி ஏற்றுகிறவர்களுக்கு இது அந்தக் கவுன்ட்டரிலேயே முடிந்துவிடும். முதுகுப்பையோடு மட்டும் போகிற நம் தம்பதிக்குத்தான் கவுன்ட்டருக்குப் போகக் காரணமே இல்லை என்று தோன்றும்; ஒரு பைசா கூடுதலாகக் கட்டாத கெட்டிக்காரர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள். விசாவைப் பார்த்து ஒப்புக்கொள்ளும் மேசை பாதுகாப்புச் சோதனைக்கு முன்னால், பெட்டி ஏற்றும் வரிசையை ஒட்டியே இருக்கும். வரிசை நீளமாக இருந்தாலும் நின்றுவிட வேண்டும். சோதனையைத் தாண்டிய பிறகு நினைவு வந்தால், வெளியே வந்து, ஒப்புதல் வாங்கி, மறுபடி பெல்ட்டைக் கழற்றிச் சோதனைக்கு நிற்க வேண்டியிருக்கும்.